இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடியில் இரண்டு இட்லிப்பூச் செடிகள் வைத்திருக்கிறார். நர்சரியிலிருந்து வந்தபோது கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்தவை. ஏழெட்டு மாதத்தில் வெளுத்துப்போயின. "உரம் பத்தலை போலிருக்கு" என்று யூரியா போட்டார். பிறகு முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், கடைசியாகத் தொட்டிக்குள் நாலு துருப்பிடித்த ஆணி. செடி இன்னும் வெளுத்தது.

நான் போய்ப் பார்த்தபோது கிளை நுனியில் இருந்த இலை எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் நரம்புகள் மட்டும் பச்சைப் பேனாவால் மெலிதாக வரைந்ததுபோல் தெரிந்தன. அதே கிளையில் நாலு கணு கீழே இருந்த பழைய இலையோ நல்ல பச்சை. நோயைச் சொல்வது இந்த வித்தியாசம்தான். தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் முதலில் மஞ்சளாவது அடியிலைகள். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. வேரிலிருந்து புதிதாக வந்தால்தான் உண்டு. வராதபோது கொழுந்துதான் முதலில் வெளுக்கும்.

அக்கா கேட்டார்: "செம்மண்ணுதானே போட்டிருக்கேன், அதுல இல்லாத இரும்பா?" நியாயமான கேள்வி. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் அது துருவாக, கரையாமல் கிடக்கிறது. மண் கொஞ்சம் புளிப்பாக இருந்தால்தான் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடியும். இட்லிப்பூவும் அதன் உறவான கார்டீனியாவும் பி.எச். 5 முதல் 6.5 வரை உள்ள மண்ணில் வாழப் பழகியவை. அக்கா ஊற்றியதோ போர் தண்ணீர். தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலிலும் அதே. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு நாளும் மண்ணைக் காரமாக்கி, இரும்பைப் பூட்டிவிடுகிறது. முட்டை ஓடும் சாம்பலும் அதே வேலையைச் செய்பவை. ஆணி, துருவின் மேல் இன்னும் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் செடி தானாகத் தெளிந்து, கோடையில் மறுபடி வெளுத்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள ஓர் எளிய சோதனை செய்தோம். ஒரு லிட்டர் மழைநீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் 5 கிராம் அன்னபேதியும், அதாவது இரும்பு சல்பேட்டும், கரைத்தோம். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். காவி நிறத்துக்கு மாறினால் இரும்பு அதிலேயே துருவாகிவிட்டது, கொட்டிவிட வேண்டியதுதான். சாயங்காலமாக, மஞ்சள் இலைகள் நாலைந்தில் மட்டும் பஞ்சால் தடவினோம். பத்தாம் நாள் தடவிய இலைகளில் பச்சைப் புள்ளிகள் பரவியிருந்தன; பக்கத்து இலைகள் அப்படியே மஞ்சள். பசி இரும்புக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. அப்படிப் பச்சை திரும்பாவிட்டால் மாங்கனீசுக் குறைவாக இருக்கலாம். அல்லது தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பது நல்லது.

இலையில் தெளிப்பது அந்த இலைக்கு மட்டும்தான் உதவும். அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சளாகவே வரும். மண்ணில் ஊற்ற இரும்புச் செலேட் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இ.டி.டி.ஏ. வகை. காரமான மண்ணில் அது இரும்பைக் கைவிட்டுவிடும். இ.டி.டி.எச்.ஏ. என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கருஞ்சிவப்புத் தூள்தான் இங்கே நிற்கும். விலை அதிகம், ஆனாலும் நான் அதையே வாங்கச் சொல்வேன். அளவு பாக்கெட்டில் உள்ளபடி. தரையில் சிந்தினால் கறை போகாது.

ஆனாலும் தண்ணீரை மாற்றாவிட்டால் இதெல்லாம் சில மாதம்தான். அக்கா இப்போது பத்து லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் போட்டுக் கலக்குகிறார். நுண்ணிய குமிழிகள் எழும்; பைகார்பனேட் வாயுவாக வெளியேறுவது அது. கொஞ்ச நேரம் விட்டு பி.எச். தாளை நனைத்துப் பார்க்கிறார். 6க்கும் 6.5க்கும் இடையில் வரும் வரை சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டுகிறார். ஒவ்வொரு வீட்டுப் போருக்கும் இந்த அளவு மாறும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து ஊற்றுகிறார். அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் இந்தச் செடிகள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதில் உப்பும் பைகார்பனேட்டும் இன்னும் அடர்த்தி.

முழுக்க வெளுத்த பழைய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன, அவை தேறாது. ஐந்தாம் வாரம் நுனியில் வந்த இரண்டு கொழுந்துகள், நர்சரியில் பார்த்த அதே செம்பு கலந்த பச்சையில் விரிந்தன.