வெடிச்சத்தம் இல்லாத ஒரு பேய்ப்படம்

கடந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளோடு சேர்ந்து ஆறு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தேன். பேய்ப்படம்தான் வேண்டும் என்று அவர்கள் ஒரே பிடி. அம்மம்மாக்களும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. அம்மம்மாவின் அந்தியேட்டி முடிந்த வீடு. இரவு கரண்ட் போகிறது. சாத்திக் கிடக்கும் அம்மம்மாவின் அறையிலிருந்து பாக்குரல் இடிக்கும் சத்தம் கேட்கிறது. ஒன்பது வயதுப் பேத்தி விளக்கோடு போய்ப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை.

முதல் தொகுப்பில், கதவு திறக்கும் கணத்தில் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்த ஒரு 'டமார்' சத்தத்தை வைத்திருந்தோம். அதை ஒரு வீட்டு விறாந்தையில் பதினைந்து பேருக்குப் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் துள்ளி விழுந்து சிரித்தார்கள். அயல்வீட்டு அம்மா ஒருவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். படம் முடிந்த பிறகு சொன்னார்: "படம் பிழையில்லைத் தம்பி. ஆனா அந்த அடி... நெஞ்சு இன்னும் படபடக்குது. இனிப் போட்டா என்னைக் கூப்பிடாதை."

அந்த 'டமார்' கொடுத்தது பயம் அல்ல, திடுக்கிடல். இரண்டும் வேறு. திடுக்கிடல் உடம்பின் அனிச்சைச் செயல். மூளை யோசிக்க முன்னரே தோள் உயர்ந்து கண் மூடிவிடும். சத்தம் எவ்வளவு பெரியது என்பதோடு, அது எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதும் இதைத் தீர்மானிக்கிறது. ஒரே சத்தம் இரண்டு விநாடி எடுத்து மெல்ல உயர்ந்தால் யாரும் துள்ளமாட்டார்கள். போர் போன்ற கொடுமைகளைக் கடந்த பலருக்கு இந்த அனிச்சை மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கிறது, அடங்கவும் நேரம் எடுக்கிறது. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவரைத் திடுக்கிட வைக்க எந்தத் திறமையும் தேவையில்லை.

ஆகவே 'டமாரை' வெட்டினோம். வெட்டியதும் படம் தட்டையாகிவிட்டது. அதுவரை மற்ற எதுவுமே வேலை செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஊடகக் கற்கையில் பார்த்த ஒரு பழைய படம் நினைவுக்கு வந்தது. ஜாக் டூர்னர் இயக்கி 1942 இல் வெளியான 'கேட் பீப்பிள்'. ஒரு பெண் இரவில் பூங்காவின் மதிலோரமாகத் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் சப்பாத்துச் சத்தமும் வருகிறது. திடீரெனப் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. கடைசியில் மிருகம் சீறுவதுபோல ஒரு பஸ் வந்து நிற்கும். எல்லோரும் பேசுவது அந்த பஸ்ஸைப் பற்றித்தான். எங்களுக்குத் தேவைப்பட்டதோ அதற்கு முந்திய சில விநாடிகள். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனால், காது தானாக அதைத் தேடத் தொடங்குகிறது.

பாக்குரல் இடிப்பதை அப்படியே மாற்றினோம். இரண்டு விநாடிக்கு ஒரு 'டொக்'. படத்தின் முதல் நிமிடத்தில், அம்மம்மா இருந்த காலத்துக் காட்சி ஒன்றில், சோறு சாப்பிடும் பேச்சுக்குப் பின்னால் அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது அதில் பயம் எதுவும் இல்லை. இரவில் திரும்பக் கேட்கும்போதுதான் காது அதை அடையாளம் காணும். மூன்று தரம் கேட்கும். நாலாவது வராது. ஐந்து விநாடி காத்திருக்க வைத்தோம்.

அந்த ஐந்து விநாடியில் முதலில் ஒரு பிழை விட்டோம். ஒலியை முழுமையாக வெட்டி வெறுமையாக விட்டோம். பார்த்தவர்கள் பயப்படவில்லை, ஸ்பீக்கர் பழுதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் எந்த அமைதியும் வெறுமையாக இருப்பதில்லை. அதனால் அதே அறையில், அதே நேரத்தில், யாரும் அசையாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து அடியில் ஓடவிட்டோம். வெளியே சில்வண்டுச் சத்தம் வேறு தடத்தில் இருந்தது. பாக்குரல் நிற்கும் இடத்தில் அதையும் மெல்லக் குறைத்தபோது விறாந்தை முழுக்க ஆடாமல் இருந்தது.

போனில் பதிபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சூழல் அமைதியானால் போன் தானாகவே ஒலியைக் கூட்டி, இரைச்சலையும் தூக்கிவிடும். கதவுக்குப் பின்னால் மெதுவாக இடித்துப் பதிந்தால் 'ஸ்...' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். பலமாக இடித்து, கதவுக்கு வெளியே நின்று பதிந்து, தொகுப்பில் குறைத்துக்கொள்வதே நல்லது. கதவு சத்தத்தின் கூர்மையை உறிஞ்சிவிடுவதால் அது உண்மையிலேயே அடுத்த அறையிலிருந்து வருவதுபோல இருக்கும். பேச்சின் உச்சத்தை -12 டெசிபெலில் வைத்து, வேறு எந்தச் சத்தமும் -6 ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் எடுத்துவிட்டோம். இரவுக்காட்சியில் நாய் குரைப்பும் படலை திறக்கும் சத்தமும் இருந்தன. கதைக்கு நன்றாகத்தான் பொருந்தின. ஆனால் நடுச்சாமத்தில் நாய் குரைத்து, படலை திறந்தால் எங்கள் ஊரில் ஆட்கள் நினைப்பது பேயை அல்ல.

படச்சட்டகத்தில் செய்தது ஒரே ஒரு மாற்றம். முன்பு பிள்ளையை நடுவில் நிறுத்தி, முகத்தை நிரப்பி எடுத்திருந்தோம். இப்போது அவளை இடது ஓரத்துக்குத் தள்ளி, மிச்ச இடம் முழுவதையும் அவளுக்குப் பின்னாலுள்ள அறைக்கதவுக்குக் கொடுத்தோம். கமரா அவளுடைய கண் உயரத்தில், அசையாமல். கதவு நாலு தரம் வருகிறது, ஒவ்வொரு தரமும் அதே இடத்திலிருந்து. மூன்றாம் தரம் நாலு விரல் அகலம் திறந்திருக்கும். அதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. பார்ப்பவர்களில் ஒரு பிள்ளை "கதவு!" என்று கத்தும், அந்தக் கத்தலுக்கு எந்த இசையும் ஈடாகாது.

இருட்டு இருட்டாக இருக்கவேண்டும். போனோ அதை வெளிச்சமாக்கிச் சாம்பல் நிறப் பொரிப்பொரியாகக் காட்டும். திரையில் விளக்குச் சுடரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஒளியளவைப் பூட்டிவிட்டால் கதவிடுக்கு கறுப்பாகவே நிற்கும்.

கடைசியில் எதைக் காட்டுவது என்பதில்தான் பிள்ளைகளோடு பெரிய சண்டை. அவர்களுக்கு வெள்ளைச் சேலையும் விரித்த தலைமயிரும் வேண்டும். நான் சொன்னது ஒன்றுதான்: சத்தம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, காட்டுவது அதற்குப் பதிலாக இருக்கவேண்டும். வெறும் பூனையைக் காட்டினால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். விளக்கோடு பேத்தி உள்ளே போகிறாள். நாங்கள் அறையைக் காட்டாமல் அவளுடைய முகத்திலேயே எட்டு விநாடி நிற்கிறோம். பயம் போய், வேறு ஏதோ வருகிறது. பிறகு சுவரில் ஒரு நிழல், பிறகு உலக்கையைப் பிடித்த ஒரு சின்னக் கை. ஐந்தாவது நிமிடம் கடந்த பிறகுதான் முகம். அவளுடைய ஐந்து வயதுத் தம்பி. அம்மம்மாவின் சத்தம் இல்லாமல் அவனுக்கு நித்திரை வரவில்லை.

எட்டு விநாடி என்பது நாங்கள் சோதித்துக் கண்டது. பன்னிரண்டில் சின்னன்கள் கதைக்கத் தொடங்கின. நாலில் ஒன்றும் நடக்கவில்லை. இதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பவர்களுக்கு எதிரே இருந்து அவர்களுடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

இரண்டாம் முறை போடும்போது அந்த அயல்வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன், அடி ஒன்றும் இல்லை என்று. வந்தார், வாசலோரமாகத்தான் இருந்தார். கதவு மூன்றாம் தரம் வந்தபோது பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தார். எழும்பவில்லை. படம் முடிந்து வெளிச்சம் போட்டதும் கேட்டார்: "உந்தப் பாக்குரல் ஆற்றை?"

எங்கள் அம்மம்மாவுடையது என்றேன்.

"கொண்டு வா, ஒருக்காப் பாப்பம்."