6203 கேட்டால் 6204 வருகிறது!
எழுத்துப் பிழையை எதுவரை மன்னிக்கலாம்? ஹார்டுவேர் கடை இணையதளத்தில் ஒரு சிக்கல்

சென்னை பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பேரிங் என்று 8 ஆயிரம் சாமான்கள். கடை இப்போது இணையதளத்திலும் ஏறிவிட்டது.

"அண்ணே, ஆக்சா பிளேடு ஒண்ணு" என்று கவுண்டரில் கேட்டால், பையன் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுப்பான். அதே ஆள் இணையதளத்தில் haksaw என்று தட்டினால், "சரக்கு இல்லை" என்கிறது! அலமாரியிலோ hacksaw பிளேடு கட்டுக்கட்டாக இருக்கிறது. விட்டுப்போனது c என்ற ஒரே எழுத்து. போனது வியாபாரம்.

ஒரு எழுத்து, ஒரு தப்பு

இதற்கு வழி சொன்னவர் சோவியத் கணித அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன். ஆண்டு 1965. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணுவதுதான் அவர் கணக்கு. haksaw, hacksaw இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தப்பு.

இலவசமாகக் கிடைக்கும் மெய்லிசர்ச் என்ற தேடும் மென்பொருள், தட்டிய சொல்லில் 5 எழுத்து இருந்தால் ஒரு தப்பையும், 9 எழுத்து இருந்தால் 2 தப்பையும் மன்னிக்கிறது. 4 எழுத்துக்குள் இருந்தால் மன்னிப்பே கிடையாது. haksaw 6 எழுத்து. எனவே பிளேடு வந்துவிடும்.

hinge கேட்டு hinj என்று தட்டினால்? 4 எழுத்துதான். வராது! தாழ்ப்பாளை thazhpal என்று தட்டினாலும் tower bolt வராது. அது எழுத்துப் பிழை அல்ல, வேறு பெயர். இவற்றுக்கு "இதுவும் அதுவும் ஒன்று" என்று ஒரு பட்டியலைக் கடைக்காரரே எழுதித் தரவேண்டும். கவுண்டரில் நிற்கும் பையனைக் கேட்டால் ஒரே மாலையில் பாதி எழுதிவிடலாம்.

மன்னிப்பே ஆபத்து

இனிதான் விவகாரம். மோட்டாருக்கு 6203ZZ பேரிங் வேண்டும். உள்துளை 17 மில்லி மீட்டர். கடையில் தீர்ந்துவிட்டது. கவுண்டரில் கேட்டால், "இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்பார்கள்.

தேடும் மென்பொருள் அப்படிச் சொல்லாது. 6203ZZ-ல் 6 எழுத்து. ஒரு தப்பை மன்னிக்கலாம். ஆகவே 6204ZZ-ஐக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும்! அதன் உள்துளை 20 மில்லி மீட்டர். தண்டில் மாட்டினால் லொடலொட என்று ஆடும். படம் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். வாங்கியவர் மறுநாள் பெட்டியுடன் திரும்பி வருவார்.

சரக்கு இருக்கும்வரை சரியானதே முதலில் வரும். அதனால் கோளாறு வெளியே தெரியாது. தீர்ந்த அன்றுதான் தெரியும்.

என்ன செய்வது?

பெயரை ஒரு கட்டத்திலும், பாக நம்பர், அளவு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களிலும் போடவேண்டும். பிறகு நம்பருக்கும் அளவுக்கும் மன்னிப்பு இல்லை என்று ஒரு வரி:

```json
"typoTolerance": {
  "disableOnAttributes": ["part_no", "size"]
}
```

இங்கும் பலர் ஏமாந்து போகிறார்கள். பெயர்க் கட்டத்தில் "பேரிங் 6204ZZ" என்று நம்பரும் சேர்ந்து கிடந்தால், பூட்டிய கதவை விட்டுவிட்டு அந்த வழியாகத் தப்பு நுழைந்துவிடும். பெயரிலிருந்து நம்பரை எடுத்துவிட வேண்டும்.

வடிகட்டியும் ஒழுங்காக வேண்டும்

கம்பெனி, அளவு, உலோகம் என்று டிக் செய்து சாமானைக் குறைத்துக் காட்டுவது வடிகட்டி. பில் போட்டவர்கள் 3 inch, 3", 75mm என்று மூன்று விதமாக எழுதியிருந்தால், வடிகட்டியிலும் மூன்று கட்டம் முளைக்கும். ஒன்றை டிக் செய்தவருக்கு மற்ற இரண்டு சரக்கும் கண்ணில் படாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றியாக வேண்டும்.

கடலோரமான பாலவாக்கத்தில் உலோகக் கட்டம் கட்டாயம். எவர்சில்வரில் 304, 316 என்று இரண்டு ரகம். உப்புக்காற்றில் 304 புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாங்கும். கேட் கீல் வாங்க வருகிறவர் 316-ஐ டிக் செய்தால், 304 அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது.

வாரம் ஒரு சோதனை

"ஒன்றும் இல்லை" என்று பதில் வந்த தேடல்களை வாரம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். hinj போன்றவை அதில் சிக்கும். ஆனால் 6204 விவகாரம் அந்தப் பட்டியலில் சிக்காது. ஏனென்றால் அங்கேதான் ஏதோ ஒரு பதில் வந்துவிட்டதே! அதற்கு ஒரே வழி, தீர்ந்துபோன சரக்கின் நம்பரைக் கடைக்காரரே தட்டிப் பார்ப்பதுதான். "இல்லை" என்று வந்தால், தேடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்!