ஐந்து மில்லிகிராமில் தொடங்குவது ஏன்?

கவனக்குறைபாட்டுக்கு மெத்தில்பெனிடேட் குளிசை எழுதிக் கொடுத்தால், பல பெற்றோர் அடுத்த கிழமையே வந்து, “ஒரு மாற்றமும் இல்லை டொக்டர், கூட்டித் தாங்கோ” என்பார்கள். நான் அவசரப்படுவதில்லை. நிறையைப் பார்த்து ஓர் உச்ச அளவை மனதில் வைக்கலாம். ஆனால் ஒரே நிறையுள்ள இரு பிள்ளைகளில் ஒருவருக்குப் போதுமான அளவு மற்றவருக்குப் போதாது.

24 கிலோ நிறையுள்ள எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, காலையில் 5 மில்லிகிராமுடன் தொடங்கினேன். சாதாரண குளிசை ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே வேலை செய்யும். ஆகவே இரண்டாம் கிழமை மதியம் இன்னொரு 5 சேர்த்தேன். மூன்றாம் கிழமை காலை அளவை 10 ஆக்கினேன். கணக்கை இடையில் எழும்பாமல் முடிக்கிறான் என்று ஆசிரியை எழுதியனுப்பினார். அதற்குமேல் கூட்டவில்லை.

“இப்ப சத்தமே இல்லை” என்று தகப்பன் மகிழ்ந்தால்தான் எனக்குக் கவலை. முகம் வாடி, விளையாடவும் போகாத பிள்ளைக்கு அளவு கூடிவிட்டது. ஒரு படி இறக்கவேண்டும்.

ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உயரம், நிறை பார்ப்பேன். இவனுக்கு அரைக் கிலோ குறைந்திருந்தது. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்ததாம். காலையில் சாப்பிட்ட பிறகே குளிசை, மருந்தின் வேகம் தணிந்த பின் இரவில் வயிறாரச் சோறு என்று தாயிடம் சொன்னேன்.