நிழற்படத்தில் இருந்த 40: கேட்டல் வரைபடத்தைப் படிக்கும் முறை

சென்ற மழைக்காலத்தின்போது எமது செவியியல் பிரிவுக்கு ஒரு தாய் கைப்பேசி வழியே நிழற்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். இரண்டாம் வகுப்பில் பயிலும் தம் மகளுக்குப் பள்ளி முகாமில் எடுக்கப்பட்ட கேட்டல் சோதனையின் வரைபடம் அது. தாளின் ஓரத்தில் “வலது 40” என்று எழுதப்பட்டிருந்தது. “என் மகளுக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு காது கேட்கவில்லையா, டாக்டர்? இனி வாழ்நாள் முழுவதும் கருவிதானா?” என்று அவர் கேட்டிருந்தார். இத்தகைய வினாவைப் பெற்றோர் பலர் எம்மிடம் எழுப்புவதால், அவருக்கு யாம் அளித்த விளக்கத்தை அவரது இசைவுடன் இங்கே தருகிறோம்.

முதலில் வரைபடத்தின் அமைப்பைக் காண்போம். மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்னும் எண்கள் இருக்கும். இவை ஒலியின் சுருதியைக் குறிக்கும் ஹெர்ட்ஸ் அளவுகள். இடப்புறம் முரசு போன்ற தடித்த ஒலி, வலப்புறம் சீழ்க்கை போன்ற கூரிய ஒலி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக -10 முதல் 120 வரை டெசிபல் எண்கள் இருக்கும். மேலே மெல்லிய ஒலி, கீழே உரத்த ஒலி. சிவப்பு வட்டம் வலக் காதையும், நீலப் பெருக்கல் குறி இடக் காதையும் சுட்டும். ஒவ்வொரு குறியும் அந்தச் சுருதியில் குழந்தையால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியைக் காட்டுகிறது. குறிகள் கீழே இறங்க இறங்க, ஒலியை அவ்வளவு கூட்டினால்தான் குழந்தைக்குக் கேட்கிறது என்பது பொருள்.

இங்கேதான் அத்தாய்க்கு ஐயம் எழுந்தது. டெசிபல் என்பது விழுக்காடு அன்று. இவ்வளவுகோல் 100-இல் முடிவதில்லை. 0 என்பது ஓசையற்ற நிலையும் அன்று. குறைபாடற்ற செவியுடைய இளையோர் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலியே 0 என வைக்கப்பட்டுள்ளது. அதனினும் நுட்பமாகக் கேட்போர் உண்டு என்பதால்தான் 0-க்கு மேலே -10 இருக்கிறது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் செவியோ அதை ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகவே உணர்கிறது. ஆகவே “40” என்பதை நூற்றில் நாற்பது எனக் கழித்துப் பார்க்க இயலாது.

அவ்வாறெனில் 40 என்பதன் நடைமுறைப் பொருள் யாது? ஒரு மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். அருகில் அமர்ந்து தாய் பேசினால் அக்குழந்தைக்குக் கேட்கும். திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தொலைவில் அதே குரல் 48 அளவுக்கு இறங்கிவிடும். வகுப்பறைச் சுவர்களின் எதிரொலி இக்குறைவைச் சற்று ஈடுசெய்யினும், மின்விசிறியின் இரைச்சல் அந்தப் பயனைப் பறித்துவிடும். மேலும், ஒரு சொல்லின் எல்லா ஒலிகளும் ஒரே உரப்புடையன அல்ல. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் உரத்தவை. ஸ, ஃப போன்றவை மிக மெல்லியவை. எனவே குழந்தைக்குக் குரல் கேட்கும். சொல் முழுமையாக விளங்காது. “கூப்பிட்டால் திரும்புகிறாள், ஆனால் சொன்னதை வேறாகச் செய்கிறாள்” என்று அத்தாய் கூறியதன் காரணம் இதுவே.

குறைபாட்டின் படிநிலைப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பல மருத்துவமனைகள் பின்பற்றும் பழைய முறையில் 26 முதல் 40 வரை இலேசான குறைபாடு, 41 முதல் 55 வரை மிதமானது, 56 முதல் 70 வரை மிதமானதினும் கூடியது, 71 முதல் 90 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் 35 முதல் 50-க்குக் கீழ் வரை மிதமானது. ஆகவே 40 என்னும் ஒரே எண் ஓரிடத்தில் “இலேசானது” என்றும், வேறிடத்தில் “மிதமானது” என்றும் எழுதப்படலாம். குழந்தையின் செவி மாறிவிடவில்லை. பெயரை விடுத்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் பெரும்பாலும் 500, 1000, 2000, 4000 ஆகிய சுருதிகளின் சராசரியே. அச்சிறுமிக்கு அவை முறையே 45, 40, 35, 40. கூட்டினால் 160, நான்கால் வகுத்தால் 40.

ஆனால் அந்நிழற்படம் சொல்லாத செய்தி ஒன்று இருந்தது, முதன்மையானதும் அதுவே. காதணி ஒலிபெருக்கி வழியாகச் செய்யும் சோதனையில் ஒலி புறச்செவி, நடுச்செவி, உட்செவி மூன்றையும் கடந்து செல்கிறது. தடை எங்கே இருப்பினும் குறிகள் கீழே இறங்கும். தடையின் இடத்தை அறிய, காதின் பின்னுள்ள எலும்பில் ஓர் அதிர்வியை வைத்து, ஒலியை நேரே உட்செவிக்குச் செலுத்த வேண்டும். இதன் விடை வரைபடத்தில் < > அல்லது [ ] குறிகளாக இடம்பெறும். முகாமில் இச்சோதனை செய்யப்படவில்லை; எனவே படத்தில் அக்குறிகள் இல்லை. வகுப்பறையில் செய்த சோதனையாதலால், சூழலின் இரைச்சல் தடித்த ஒலிகளின் அளவைக் கூட்டிக் காட்டவும் வாய்ப்பிருந்தது. ஆதலால் படத்தை வைத்து முடிவு கூறாமல், குழந்தையை நேரில் அழைத்துவருமாறு கேட்டுக்கொண்டோம்.

ஒலிபுகா அறையில் மீண்டும் சோதித்தபோது 500 ஹெர்ட்ஸில் 45 என்றிருந்தது 35 ஆயிற்று. ஏனைய அளவுகள் 5 டெசிபலுக்குள்ளேயே வேறுபட்டன. அவ்வளவு வேறுபாடு ஒரே செவியில் இருமுறை சோதித்தாலும் நேர்வதே. எலும்புவழிக் குறிகளோ 5, 10 என மேலேயே நின்றன. உட்செவி நலமாக இருக்கிறது, ஒலி வழியில்தான் தடைபடுகிறது என்பதை இந்த 30 டெசிபல் இடைவெளி காட்டியது. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் மேடின்றித் தட்டையான கோடு வந்தது. சளியைத் தொடர்ந்து நடுச்செவியில் நீர் தேங்கியிருப்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உறுதிசெய்தார்.

இந்நீர் பல குழந்தைகளுக்குத் தானே வடிந்துவிடும் என்பதால், மூன்று மாதம் காத்திருந்து மறுபடி சோதிப்பதே வழக்கம். அதுவரை சிறுமியை முன்வரிசையில் அமர்த்தவும், முகம் பார்த்துப் பேசவும் ஆசிரியருக்குக் கடிதம் அளித்தோம். மூன்று மாதத்திற்குப் பின் வலக் காதின் குறிகள் 15-க்கும் 20-க்கும் இடையே ஏறியிருந்தன. நீர் வடியாதிருந்தால், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தும் சிகிச்சை பற்றிப் பேசியிருப்போம்.

எலும்புவழிக் குறிகளும் 40-இலேயே நின்றிருந்தால் நிலைமை வேறு. அது உட்செவி அல்லது செவிநரம்பின் குறைபாடு, பெரும்பாலும் நிலையானது. அப்போது மூன்று மாதம் காத்திருப்பது குழந்தையின் மொழி வளர்ச்சிக்கு இழப்பாகும். காதொலிக் கருவியைத் தாமதமின்றிப் பொருத்த வேண்டும். ஒரே 40 இரு வேறு பாதைகளுக்கு இட்டுச் செல்வதைக் காண்க.

ஆகவே வரைபடத்தை நிழற்படமாக அனுப்பும் பெற்றோர், குறி விளக்கம் உள்ள அடிப்பகுதியும் எல்லாப் பக்கங்களும் தெரியுமாறு எடுத்தனுப்புங்கள். எலும்புவழிச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் காது மந்தமானால் மட்டும் படம் அனுப்பி விடைக்குக் காத்திராமல், அன்றே குழந்தையுடன் நேரில் வாருங்கள்.