யாரோடு ஒப்பிட்டார்கள்?

விளையாடிக்கொண்டிருந்த இளைஞன் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தான் என்று செய்தி வரும்போது, இதய நிபுணர்கள் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயத்தின் தசைச்சுவர், முக்கியமாக இடது கீழறையின் சுவர், காரணமில்லாமல் தடித்துப்போகும் நோய். ஏறக்குறைய ஐந்நூறு பேரில் ஒருவருக்கு உண்டு. பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராது. சிலருக்கு மட்டும் இதயத்துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிரைப் பறிக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருவதால், பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் ஒருவருக்கு நோய் தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள்.

2016-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அர்ஜுன் மன்ராயும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘நோய்க்குக் காரணம்’ என்று பட்டியலில் ஏறியிருந்த மாற்றங்களை அவர்கள் பொதுமக்களின் மரபணுத் தரவுகளில் தேடிப் பார்த்தார்கள். சில மாற்றங்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் நூற்றுக்குப் பல பேரிடம் இருந்தன. வெள்ளையரிடம் மிக அரிது. இங்கே கணக்கு உதைக்கிறது. ஐந்நூறில் ஒருவருக்கு வரும் நோய்க்கு, நூற்றில் பல பேர் சுமக்கும் மாற்றம் எப்படி வலுவான காரணமாக முடியும்? அது உண்மையாக இருந்தால் அந்தச் சமூகத்தில் இதயத் தசை தடித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்திருக்க வேண்டும்.

ஒரு சோதனைக்கூடத்தின் ஆவணங்களையும் புரட்டினார்கள். பின்னாளில் ‘தீங்கற்றது’ என்று திருத்தப்பட்ட மாற்றங்களை வைத்து, நோய்க்கான மாற்றம் இருப்பதாக அறிக்கை பெற்றவர்கள் ஏழு பேர் அகப்பட்டார்கள். அந்த ஏழு பேரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், அல்லது வம்சாவளி குறிக்கப்படாதவர்கள். இந்தப் பிழை நோயாளியோடு நிற்காது. ‘உங்கள் அண்ணனிடம் உள்ள மாற்றம் உங்களிடம் இல்லை, இனி எக்கோ தேவையில்லை’ என்று தம்பியை அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு நோயைத் தந்தது வேறொரு மாற்றமாக இருந்தால் அது தம்பியின் உடலிலும் இருக்கலாம். எனக்கு இதில் அதிகம் உறுத்துவது இந்தத் தம்பிதான்.

தவறு நடந்த விதம் எளிமையானது. நோயாளியிடம் ஒரு மாற்றத்தைக் கண்டால், ஆரோக்கியமான சிலரிடமும் அதைத் தேடுவார்கள். அவர்களிடம் இல்லையென்றால் சந்தேகம் அதன்மேல் விழும். அந்த ஆரோக்கியமானவர்கள் எல்லோருமே வெள்ளையர் என்றால்? நூற்றில் மூன்று கறுப்பினத்தவரிடம் உள்ள ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பீட்டில் நூறு கறுப்பினத்தவரைச் சேர்த்திருந்தால், ஒருவரிடமாவது அது அகப்பட 95 சதவீத வாய்ப்பு. ஐம்பது பேரைச் சேர்த்திருந்தால்கூட 78 சதவீதம். பெரும் பணமோ புதிய கருவியோ வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏன் சேர்க்கவில்லை? பணம் உள்ள நாடுகளில் ஆய்வு நடந்தது என்பது பாதி பதில். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை ஐந்து லட்சம் பேரின் ரத்தத்தையும் உடல்நல விவரங்களையும் சேகரித்து, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பங்கேற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெள்ளையர். தயாராகக் கிடைக்கும் தரவை விட்டுவிட்டு யாரும் புதிதாக ஊர் ஊராகப் போவதில்லை. 2019 வாக்கில், முழு மரபணுத்தொகுதியையும் அலசி நோய்க்காரணம் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர்.

மீதிப் பதில் ஆய்வு முறைக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைத் தமிழ்நாட்டிலும், ஆரோக்கியமானவர்களைப் பஞ்சாபிலும் எடுத்து ஒப்பிட்டால் என்ன ஆகும்? வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் வடமேற்கு இந்தியாவில் அதிகம், தெற்கில் குறைவு. அது சர்க்கரையைத் தடுப்பதாகப் பொய்யான முடிவு வரும். இதைத் தவிர்க்க, ஒரே வம்சாவளியினரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது வழக்கமாயிற்று. ரத்தம் கொடுத்த தெற்காசியரின் தரவும் இப்படிப் பல ஆய்வுகளில் பயன்படாமல் போனது. கலந்த கூட்டத்தைச் சேர்த்தே அலசும் கணித முறைகள் இப்போது இருக்கின்றன. இருந்தும் ‘ஐரோப்பியர் மட்டும்’ என்ற வழக்கம் இன்னும் போகவில்லை. இதைச் சோம்பல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இதே நோயில் நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் அழிந்துபோன ஒரு மாற்றம், தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. மற்ற இடங்களில் அது அநேகமாக இல்லை. ஐரோப்பியர்களை மட்டும் எத்தனை லட்சம் பேர் சோதித்தாலும் கண்ணில் பட்டிருக்காது. 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும், மற்றவர்களும் இது இதயத்தசை நோயின் அபாயத்தை ஏழு மடங்கு கூட்டுவதாக ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆறு கோடிப் பேர் இதைச் சுமப்பதாகப் பத்திரிகைகளில் வந்தது.

நூற்றுக்கு நான்கு என்பதைப் படித்ததுமே கறுப்பினத்தவரின் கணக்கு நினைவுக்கு வரும். இத்தனை பேரிடம் இருக்கும் ஒன்று அவ்வளவு கெட்டதாக இருக்குமா? 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, தெற்காசிய நோயாளிகளிடம் அந்த மரபணுவை இன்னும் விரிவாகப் படித்தது. அழிந்த 25 எழுத்துகளைச் சுமப்பவர்களில் ஒரு சிறு பிரிவினரிடம், அதே மரபணுவின் இன்னொரு இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அபாயத்தின் பெரும்பகுதி அந்த ஒற்றை எழுத்தினால்தான் என்று தெரிந்தது. எழுத்துகள் அழிந்திருப்பது மட்டும் கண்டவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை. அந்த ஒற்றை எழுத்தும் மாறியிருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. இதைப் பிரித்தறியத் தெற்காசியர்களின் தரவுதான் வேண்டியிருந்தது, அதுவும் அதிக எண்ணிக்கையில்.

தெற்காசியர் என்று மொத்தமாகச் சொன்னாலும் ஒரு சிக்கல். மரபணு மாற்றங்களைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்பட்ட எக்ஸாக் தொகுப்பில் 60,706 பேர் இருந்தார்கள். அதில் தெற்காசியர் 8,256. பெரும்பாலோர் பாகிஸ்தானில் நடந்த ஓர் இதயநோய் ஆய்வில் பங்கேற்றவர்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே திருமணம் செய்யும் நம் ஊரில், ஒரு சமூகத்தில் அடிக்கடி காணும் மாற்றம் அடுத்த சமூகத்தில் இருக்காது. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது பல சமூகங்களிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் தரும் ஏற்பாடு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

இப்போதைக்கு நம்மவர்களின் மரபணு அறிக்கையில் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்ற வரி அதிகம் வரும். ஒப்பிட ஆளில்லை என்பது அதன் பொருள்களில் ஒன்று. அந்த வரியை வைத்து யாருக்கும் நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. அதுவரை, ஒருவருக்கு இதயத் தசை தடித்திருந்தால், அவருடைய அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி., எக்கோ இரண்டையும் எடுத்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அந்தப் பழைய அறிக்கையைப் புதிய தரவோடு ஒப்பிட்டுத் தரும்படி சோதனைக்கூடத்திடம் கேட்கவும் செய்யலாம்.