தொந்திக்கு ஏற்ற சட்டை: அளவு, வெட்டு, துணி

நம் வணிகர்களில் பலர் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணி வரை கல்லாவில் உட்காருபவர்கள். நாற்பது வயதுக்கு மேல் வயிறு முன்னே வந்துவிடுகிறது. அதைக் குறைக்கும் வழியை மருத்துவர்கள் சொல்வார்கள். அது குறையும் வரையில் தினமும் ஒரு சட்டை போட்டுத்தானே ஆக வேண்டும்! நாற்பது ஆண்டுகளாக ஜவுளி மொத்த வியாபாரத்தில் இருந்து, தையற்காரர்களோடு பழகித் தெரிந்துகொண்டதை நம் மளிகைக் கடை நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. ரெடிமேட் கடைக்குப் போய், வயிற்றில் பட்டன் பூட்டும் வரை எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அல்லது பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகத் தையற்காரரிடம் கொடுத்து, "இதைவிடக் கொஞ்சம் லூஸாகத் தைத்துவிடுங்கள்" என்பார்கள். இரண்டிலும் பணம் வீணாகிறது. முதல் முறையில் வயிற்றுக்குச் சரியாகும்போது தோள் கீழே தொங்கும். அரைக்கை முழங்கையைத் தொடும். காலர் கழுத்தில் லூஸாக நிற்கும். இரண்டாவது முறையில், பழைய சட்டையில் இருந்த குறை புதிய சட்டையிலும் அப்படியே வந்துவிடும்.

முன் பாகம் ஏன் மேலே ஏறுகிறது?

பக்கவாட்டில் நின்று கண்ணாடியில் பாருங்கள். சட்டையின் பின்பக்கம் நேராகத் தொங்கும். முன்பக்கம் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். காரணம் எளிது. பின்புறத் துணி தோளிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது. முன்புறத் துணியோ வயிற்றின் மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நேர் வழியைவிட மேடேறிப் போகும் வழிக்கு நீளம் அதிகம். இரண்டு பாகத்தையும் ஒரே நீளத்தில் வெட்டினால், அந்த மேட்டுக்குச் செலவான ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கீழ் மடிப்பில் குறைந்துபோகும். இதற்காக மொத்தச் சட்டையையும் நீளமாகத் தைத்தால், முன்பக்கம் சரியாகிப் பின்பக்கம் தொடை வரை தொங்கும்.

அகலத்திலும் இதே கதைதான். வயிறு வளர்வது முன்பக்கம், முதுகு வளர்வதில்லை. ஆனால் பெரிய எண் சட்டையில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அகலம் கூடுகிறது. முன்னால் இறுக்கமும் முதுகில் பை போன்ற தொய்வும் இப்படித்தான் உண்டாகின்றன.

குறை எங்கே என்பதைச் சட்டையே காட்டிக்கொடுக்கும். வயிற்றுப் பட்டனிலிருந்து இரு பக்கமும் கதிர்போல் சுருக்கம் ஓடினால் அகலம் போதவில்லை. வயிற்றின் உச்சியிலிருந்து பக்கத் தையலின் அடியை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுந்தால் முன் நீளம் போதவில்லை. பக்கத் தையல் நேராக நிற்காமல் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனால், முன் பாகத்துக்கு வேண்டிய துணி பின் பாகத்தில் இருக்கிறது என்று பொருள்.

அளவு எடுக்கும் முறை

தையற்காரர் டேப்பை எடுத்தவுடன் நம்மை அறியாமலே மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைச் சுருக்கிக்கொள்கிறோம். அந்த அளவில் தைத்த சட்டை கடையில் உட்கார்ந்ததும் பட்டனுக்குப் பட்டன் வாய் பிளக்கிறது. எனவே மூச்சை இயல்பாக விட்டு அளவு கொடுங்கள். நின்றுகொண்டு ஒரு முறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை, வயிற்றின் உச்சிச் சுற்றளவை எடுக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது பலருக்கு ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை கூடும். நாம் பகல் முழுவதும் உட்காருபவர்கள். ஆகவே உட்கார்ந்த அளவே நமக்குக் கணக்கு.

நீளத்தையும் இரண்டாக எடுக்க வேண்டும். காலர் தோளோடு சேரும் இடத்திலிருந்து முதுகு வழியாகக் கீழே ஓர் அளவு. அதே இடத்திலிருந்து மார்பு, வயிற்றின் மேடு வழியாகக் கீழே ஓர் அளவு. இரண்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் முடிய வேண்டும்.

ஒரு கணக்கு

மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர்; உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வேட்டி கட்டி, அதன்மேல் பச்சை பெல்ட் போட்டு, சட்டையை வெளியே விடுபவர். 46 எண் ரெடிமேட் சட்டை வாங்கி வந்தார். அதன் தோள் அவர் தோளைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். ஆனாலும் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினால் பெல்ட்டும் வயிறும் தெரியும். பெண்கள் வந்து நிற்கும் கடை. அதனால் எட்டிப் பொருள் எடுப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன் வெளியே போயிருந்தால் "அந்தச் சரக்கு இல்லை" என்று சொல்லும் நிலைமைகூட வந்தது. ஒரு சட்டையால் வியாபாரமே குறைந்தது!

அவரை எங்கள் கடைக்குப் பக்கத்துத் தையற்காரரிடம் அனுப்பினேன். அளவுகள் இவை: மார்பு 42, வயிறு நின்றால் 47, உட்கார்ந்தால் 49, தோள் 18, காலர் பதினாறரை.

தையற்காரர் தோளையும் காலரையும் உடம்பில் உள்ளபடியே வைத்துக்கொண்டார். மார்புக்கு 4 அங்குலம் லூஸ் கூட்டி 46; வயிற்றுக்கு, உட்கார்ந்த அளவோடு 3 அங்குலம் கூட்டி 52. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே 6 அங்குல வித்தியாசம். அதில் ஓர் அங்குலம் மட்டும் பின் பாகத்துக்கு. மீதி ஐந்தை முன் பாகம் இரண்டுக்கும் தலா இரண்டரையாகப் பிரித்து, அக்குளுக்குக் கீழிருந்து சிறிது சிறிதாக விரியும்படி பக்கத்தில் கொடுத்தார். வயிற்றுக்குக் கீழே மறுபடியும் ஒடுக்காமல் நேராக இறக்கினார். ஒடுக்கினால் சட்டை வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு பானையைத் துணியில் கட்டியது போல் காட்டும்.

நீளம் பின்னால் 29; முன்னால் நடுவில் முப்பதரை. இந்த ஒன்றரை அங்குலம் பக்கத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் போகும்படி வளைத்து வெட்டினார். இப்படித் தைத்த சட்டையை மேஜையில் விரித்தால் முன் பாகம் தொங்கலாகத் தெரியும். தையற்காரர் தவறாக வெட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். போட்டுப் பார்த்தால் சமமாக நிற்கும்.

இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள். வயிற்றின் உச்சியில் சரியாக ஒரு பட்டன் வரும்படி வைத்து, அதன் மேலும் கீழும் உள்ள இடைவெளியை மூன்று அங்குலத்துக்கு மிகாமல் குறைத்தார். உட்கார்ந்தால் வாய் பிளப்பது இதனால் நின்றது. அடுத்தது கை வெட்டு. அக்குளில் கை வெட்டு மிகவும் இறக்கமாக இருந்தால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே ஏறும். அக்குளை உறுத்தாத அளவுக்கு அதை மேலே வைத்தார். இப்போது நண்பர் தாமே எட்டி எடுக்கிறார்.

வெளியே விடுவதா, இன் செய்வதா?

வெளியே விடும் சட்டைக்குக் கீழ் மடிப்பு நேராக இருக்கட்டும். இரு பக்கமும் இரண்டரை, மூன்று அங்குலம் திறப்பு வைத்தால், உட்காரும்போது சட்டை வயிற்றில் குவியாது. நீளத்துக்கு ஒரு சோதனை உண்டு. நேராக நிற்கும்போது பெல்ட்டின் கீழ் விளிம்பைத் தாண்டி மூன்று அங்குலம் மறைய வேண்டும்; இரு கையையும் தூக்கினால் பெல்ட் தெரியக் கூடாது. அதற்கு மேல் நீளம் வேண்டாம். தொடையின் பாதி வரை இறங்கும் சட்டை குட்டையானவரை இன்னும் குட்டையாகக் காட்டும்.

இன் செய்வதைத் தீர்மானிப்பது சட்டையைவிட பேண்ட்தான். வயிற்றுக்கு அடியில் பேண்ட்டை இறக்கிக் கட்டுபவர்கள் இன் செய்யாமல் இருப்பதே நல்லது. வயிறு பெல்ட்டுக்கு மேல் வழிந்து நிற்கும். இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தால் சட்டை வெளியே வந்துவிடும். பேண்ட்டை மேலே, தொப்புள் உயரத்தில் கட்டும் வழக்கம் இருந்தால் இன் செய்யலாம். முன்பக்கம் பிளீட் வைத்த பேண்ட் உட்கார வசதி. இதற்கான சட்டை, வெளியே விடுவதைவிட மூன்று, நான்கு அங்குலம் நீளமாகவும், அடிப்பக்கம் வளைவாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒடுக்கினால் இடுப்பில் துணி மூட்டையாகச் சேராது. ஒரே சட்டையை இரண்டுக்கும் பயன்படுத்த நினைத்தால் இரண்டுக்குமே சரியாக வராது.

துணி

வழுவழுப்பான, மெல்லிய செயற்கை இழைத் துணி வேண்டாம். வியர்த்ததும் அது தொப்புளில் ஒட்டிக்கொள்ளும். மினுமினுப்பு இருந்தால் வயிற்றின் மேட்டில்தான் வெளிச்சம் விழும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் துணிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரல் விரலாகத் தெரிந்தால், பனியனும் வயிறும் அப்படியே தெரியும். நெருக்கமாக நெய்த காட்டன் பாப்ளின் நல்லது. அதற்குக் கஞ்சி இலேசாக இருக்கட்டும்; மொடமொடவென்று போட்டால் துணி உடம்போடு இறங்காமல் கூடாரம் போல் விரிந்து நிற்கும். உட்கார்ந்த இடத்தில் வயிற்றுக்குக் குறுக்கே விழும் சுருக்கம் பிடிக்காதவர்கள், பருத்தி மிகுந்த கலப்புத் துணி எடுக்கலாம். லினன் துணியில் அந்தச் சுருக்கம் மிக அதிகம்.

பெரிய கட்டம் வேண்டாம். கோடுகள் வயிற்றின் மேல் வளைந்து, மேடு எங்கே என்று வரைபடம் போட்டுக் காட்டும். ஒரே நிறமோ, தள்ளி நின்றால் தெரியாத பொடிக் கோடோ போதும்.

காட்டன் துணியைத் தைக்கும் முன் ஓர் இரவு நீரில் நனைத்து, பிழியாமல் உலர்த்திக் கொடுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 30 அங்குல நீளத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் போய்விடும். கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒன்றரை அங்குலத்தில் பெரும்பகுதி முதல் சலவையிலேயே கரைந்துவிடும். 36 அங்குலப் பன்னாவில், மேலே சொன்ன அளவுள்ள அரைக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் எடுத்தால் சுருக்கத்துக்கும் சேர்த்துப் போதும்.

முதலில் ஒரே ஒரு சட்டை தைத்து, இரண்டு முறை சலவை செய்து, ஒரு வாரம் கடையில் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தால் பட்டன் இழுக்கிறதா, கை தூக்கினால் பெல்ட் தெரிகிறதா, பக்கத் தையல் நேராக நிற்கிறதா என்று கவனித்துத் திருத்துங்கள். அதன்பிறகு அந்தச் சட்டையையே அளவுச் சட்டையாகக் கொடுத்து மற்றவற்றைத் தைத்துக்கொள்ளலாம். வயிறு இரண்டு அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ மீண்டும் டேப் பிடித்து அளவு எடுக்க வேண்டும்.