ஒன்றரை மணிக்கு 63, இரண்டு மணிக்கு 71

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நைட் ஷிஃப்ட் நடப்பதாக வைத்துக்கொள்வோம். புளோரூமில் பிரித்த பஞ்சைக் கார்டிங் எந்திரங்களுக்குக் காற்றோடு தள்ளும் ஃபேனின் ஒரு பேரிங் வழக்கமாக 55 டிகிரியில் ஓடும். ஒரு மணிக்கு ஆபரேட்டர் டெம்பரேச்சர் கன்னைக் காட்டியபோது 58. ஒன்றரைக்கு 63, இரண்டுக்கு 71. அதே ஷாஃப்டின் மறுமுனைப் பேரிங் 55-ஐ விட்டு நகரவில்லை. ஆகவே சூடு அறையின் புழுக்கத்தால் வந்ததல்ல.

71 டிகிரியைப் பேரிங் தாங்கும். கவலைப்பட வேண்டியது ஏறும் வேகத்துக்கு: முதல் அரைமணியில் ஐந்து டிகிரி, அடுத்ததில் எட்டு. புதிதாகக் கிரீஸ் அடித்த பேரிங்கும் சூடேறும். ஆனால் அதிகக் கிரீஸ் ஒதுங்கியதும் சில மணி நேரத்தில் தானாகத் தணியும். அவர் பதிவேட்டைப் புரட்டினார். கிரீஸ் அடித்துப் பத்து நாளாகியிருந்தது.

சூடு ஏன் இப்படி முடுக்கிக்கொண்டே போகிறது? 50 மில்லிமீட்டர் ஷாஃப்டில் ஏறும் சாதாரணப் பால் பேரிங்கை, மாட்டுவதற்கு முன் அளந்தால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே 6 முதல் 23 மைக்ரான் வரைதான் இடைவெளி இருக்கும். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் அளவு. வெளிவளையம் ஹவுசிங் வழியாகச் சூட்டை வெளியேற்றிவிடும்; உள்வளையத்துக்கு அந்த வசதி குறைவு. உள்வளையம் 15 டிகிரி கூடுதலாகச் சூடானால், அதன் ஓடுபாதை சுமார் 11 மைக்ரான் விரியும். இடைவெளி குறைய உரசல் கூடுகிறது, உரசல் கூடச் சூடு கூடுகிறது. சூட்டில் கிரீஸின் எண்ணெய் நீர்த்து, உலோகங்களைப் பிரித்துவைக்கும் படலமும் மெலிகிறது.

"ஈரச்சாக்கு போட்டா காலைல வரைக்கும் தாங்காதுங்களாண்ணா?" என்று உதவியாள் கேட்டான்.

"தொடவே தொடாதே, தம்பி. வெளிய குளிர்ந்தா வெளிவளையம் சுருங்கி உள்ளே இருக்கிறத இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும்."

நம் கை முதலில் தேடும் வைத்தியமே பேரிங்கைப் பூட்டிவிடும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பூட்டிய பேரிங்கில் ஷாஃப்ட் தேய்ந்து சுழன்றால் நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும். பஞ்சு 400 டிகிரியை ஒட்டித் தீப்பிடிக்கும். தீப்பொறி விழுந்தால், அந்தக் காற்றுக்குழாயே அதைக் கார்டிங் வரை கொண்டுபோகும்.

லைனை நிறுத்தினால் கார்டிங்குகள் சேமிப்பிலுள்ள பஞ்சில் சில நிமிடம்தான் ஓடும். அன்றைய உற்பத்திக் கணக்கு விழும். அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, முதலில் பஞ்சு ஊட்டத்தையும், குழாய் காலியானதும் ஃபேனையும் நிறுத்தினார். எப்போதும் நெடுநேரம் சுழன்று ஓயும் ஃபேன் அன்று சட்டென்று நின்றது.

ஃபிட்டர் வந்து பிரித்தார். சீல் கிழிந்து, பஞ்சுத்தூசி கலந்த கிரீஸ் கட்டியாக இறுகிக் கிடந்தது. ஷாஃப்டில் கீறல் இல்லை. புதுப் பேரிங்கும் சீலும் மாட்டி, விடியுமுன் லைனை ஓட்டிவிட்டார்கள். அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை அளந்தார்கள். புதுக் கிரீஸால் 64 வரை ஏறி, காலை ஷிஃப்ட் வந்தபோது 57-க்கு இறங்கியிருந்தது.